மலையாள வகுப்பின் முதல் நாள்: என் அறிமுகம்

ஆசிரியருக்கும், உடன் படிக்க வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் செல்வராணி. தக்கலையில், பத்மநாபபுரம் கோட்டைச் சுவரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு. ஆவண எழுத்தர் ஒருவரிடம் 11 ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். கிரையம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை என்று நாள் முழுவதும் பத்திரங்களோடுதான் வேலை.

நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று மலையாளத்தில் எழுதும் ஆட்சிகளின் கீழ் இருந்தது. அதனால் கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் மூலப்பத்திரம் கேட்டால், பெட்டிக்கடியிலிருந்து மலையாளப் பத்திரம்தான் வரும். போன மாதம் ஒரு பாட்டி துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றுப்போயிருந்தது. கொல்லம் ஆண்டு 1112, மேட மாதம். 825-ஐக் கூட்டினால் 1937 என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. “என் அப்பா பேர் எங்கே இருக்கு, காட்டு மக்களே” என்றார் பாட்டி. என்னால் காட்ட முடியவில்லை. வழக்கமாகப் படித்துச் சொல்லும் பெரியவருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. அன்று மாலையே இந்த வகுப்பில் பெயர் கொடுத்தேன்.

கேட்டுப் பழகிய சொற்கள் கொஞ்சம் உண்டு. நாம் சான்றுக்குச் சொல்லும் ஆதாரம், அவர்களுக்குப் பத்திரம். எல்லை சொல்லும்போது மேற்கைப் ‘படிஞ்ஞாறு’ என்கிறார்கள். படுகிற ஞாயிறு என்று அந்தப் பெரியவர் பிரித்துக் காட்டியபோது, நம் வீட்டுச் சொல் ஒன்று பக்கத்து வீட்டில் பத்திரமாக இருப்பதைக் கண்டதுபோல் மகிழ்ந்தேன்.

பொழுதுபோக்கு, பறவை பார்ப்பது. ஞாயிறு விடிந்ததும் முதல் பஸ் பிடித்துத் தேரூர்க் குளத்துக்குப் போய்விடுவேன். தாமரை இலைமேல் இலைக்கோழி நடப்பதை நின்று பார்த்திருக்கிறீர்களா? நீண்ட விரல்களை அகல விரித்து, இலை அமிழ்வதற்குள் அடுத்த இலைக்குப் போய்விடும். சுசீந்திரம்-தேரூர் ஈரநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அந்தச் செய்தியை வெட்டி வைத்திருக்கிறேன். யாராவது கூட வருவதானால் சொல்லுங்கள், பைனாக்குலர் தருகிறேன். தையலும் கொஞ்சம் தெரியும்.

கூட்டெழுத்துகள்தான் எனக்குக் கடினமாக இருக்கின்றன. அவற்றைச் சற்று நிதானமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். பாட்டியின் பத்திரத்தை நகலெடுத்து நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். அதில் அவருடைய அப்பாவின் பெயரை நானே கண்டுபிடித்துக் காட்ட வேண்டும்.

இரண்டு வரி மலையாளத்தில் சொல்லிப் பார்க்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள்: என்றெ பேரு செல்வராணி. ஞான் தக்கலையில் நின்னு வருந்நு.