கொறங்காட்டு மண்ணில் கரிமச் சேமிப்பு: மூன்றாம் ஆண்டு முன்னேற்ற அறிக்கை (ஆய்வுக்குழு முன் வாசிக்கும் உரை, ஆகஸ்ட் 2025)

குழுத் தலைவர் அவர்களுக்கும், நெறியாளர் அவர்களுக்கும், குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். கடைசி எட்டு நிமிடத்தை உங்கள் கேள்விகளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். இன்று உங்களிடம் மூன்று முடிவுகள் கேட்டு வந்திருக்கிறேன், அவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 24 காடுகளுக்குப் பதில் 17 காடுகளோடு ஆய்வைத் தொடர அனுமதி வேண்டும். தலைப்பில் திருத்தம் வேண்டும். ஆய்வேட்டை ஒப்படைக்க ஆறு மாதம் கூடுதலாக வேண்டும்.

முதல் ஸ்லைடு வெளித்தேர்வாளருக்காக. கொறங்காடு என்பது காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கத்து மானாவாரி மேய்ச்சல் நிலம். ஊர்ப் புறம்போக்கு அல்ல, பட்டா நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல் மரங்கள், தரையில் கொழுக்கட்டைப்புல். காங்கயம் மாடுகள் வளர்வது இதை நம்பித்தான். சிலர் காட்டைத் துண்டு துண்டாக வேலியிட்டு மாட்டை மாற்றி மாற்றி அடைக்கிறார்கள். மற்றவர்கள் ஒரே காட்டில் ஆண்டு முழுவதும் விட்டுவிடுகிறார்கள். மாற்றி அடைக்கும் காட்டு மண்ணில் கரிமம் கூடுதலாக இருக்கும் என்பது 2022 ஜூலையில் பதிவு செய்தபோது நான் வைத்த கருதுகோள்.

இனி முடிவுகள். புல்லில் வேறுபாடு தெளிவாக இருக்கிறது. 2024 டிசம்பரில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, கம்பிக்கூண்டு வைத்துக் காத்த ஒரு சதுர மீட்டரில் உலர் எடை மாற்றி அடைக்கும் காடுகளில் சராசரி 214 கிராம், மற்றவற்றில் 138 கிராம் (p = 0.02). கூண்டு இல்லாமல் அறுத்தால் மாடு மிச்சம் வைத்ததைத்தான் எடை போட்டிருப்போம். 96 கூண்டுகள் செய்தோம், 11 காணாமல் போயின. அவற்றில் ஒன்றைப் பிறகு ஒரு களத்து ஓரத்தில் கோழிக்குஞ்சுகளோடு பார்த்தேன், கேட்டு வாங்க மனம் வரவில்லை.

மண்ணில் நிலைமை வேறு. மேல் 15 செ.மீ. மண்ணில் கரிமம் மாற்றி அடைக்கும் காடுகளில் 0.52 சதவீதம், மற்றவற்றில் 0.47 (p = 0.19). என் கருதுகோள் நிரூபணமாகவில்லை. பொய்த்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. இவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பிடிக்க 17 காடுகள் போதாது. தவிர, மண் கரிமம் மெதுவாக மாறுவது. சில காடுகளில் மாற்றி அடைக்கும் பழக்கம் வந்தே ஐந்தாறு ஆண்டுகள்தான் ஆகின்றன.

நான் தேடாத ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. எந்தக் காடானாலும் வெள்வேல் நிழலில் 0.71, வெட்டவெளியில் 0.46. மாட்டை எப்படி அடைக்கிறார்கள் என்பதைவிட மரம் எங்கே நிற்கிறது என்பது மண்ணைக் கூடுதலாக மாற்றியிருக்கிறது. தலைப்பைத் திருத்தக் கேட்பது இதனால்தான்.

அடுத்து தாமதம். 24 காடுகளில் ஏழு போய்விட்டன. மூன்று, வீட்டுமனையாகவும் சூரியத் தகடு நிறுத்தவும் விற்கப்பட்டன. மூலனூர்ப் பக்கம் இரண்டில் உழுது முருங்கை வைத்துவிட்டார்கள். மீதி இரண்டும் பாகப்பிரிவினையில் போயின. அண்ணன் தம்பி இருவரும் அனுமதி தந்த காடுதான், நடுவில் வேலி விழுந்ததும் இருவருமே நான் உள்ளே வருவதை விரும்பவில்லை. காடுகளின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லிச் சென்ற ஆண்டு இதே அறையில் அறிவுரை வந்தது, நானும் தலையாட்டினேன். இப்போது வேண்டாம் என்கிறேன். புதிய காடுகளுக்கு 2023ஆம் ஆண்டு அளவீடு கிடையாது, பழையவற்றோடு சேர்த்து ஒப்பிட முடியாது.

காடுகளைக் கையில் வைத்திருக்க என்னால் முடியாது. ஆனால் ஐந்து மாதத் தாமதம் என் பிழையால் வந்தது. 2023இல் எடுத்த 192 மண் மாதிரிகளை அப்படியே கரிமப் பகுப்பாய்வுக் கருவியில் கொடுத்தேன். சராசரி 1.12 சதவீதம் என்று வந்தது. செம்மண் மானாவாரிக் காட்டுக்கு இது நம்பும்படியான எண் அல்ல. ஆனாலும் இரண்டு வாரம் மகிழ்ச்சியோடு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு மாலை, வெள்ளகோவில் மாதிரி ஒன்றை வாட்ச் கிளாஸில் பரப்பி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டேன். சோடா திறந்ததுபோல் நுரைத்தது. சுக்கான்கல். காங்கயம் மண்ணில் சுக்கான் பொடி கலந்திருப்பது உழவருக்கெல்லாம் தெரியும், நான்தான் மறந்துவிட்டேன். கருவி எரித்துக் கணக்கிடுவது மொத்தக் கார்பனை. சுண்ணாம்பின் கார்பனும் அதில் சேர்ந்துவிடும்.

ஆகவே எல்லா மாதிரிகளையும் வாக்லி-பிளாக் முறையில் மறுபடி செய்தேன். டைகுரோமேட் முறை சுண்ணாம்பைத் தொடாது. கரிமம் முழுவதையும் அது ஆக்சிஜனேற்றம் செய்வதில்லை என்பதால் 1.3 என்ற வழக்கமான திருத்தக் காரணியைப் போட்டிருக்கிறேன். இந்தக் காரணி நம் மண்ணுக்குப் பொருந்துமா என்று குழு கேட்கும். கேட்கவும் வேண்டும். 30 மாதிரிகளை அமிலத்தில் கழுவிச் சுண்ணாம்பை நீக்கிக் கருவியில் கொடுத்திருக்கிறேன், முடிவு செப்டம்பரில் வரும். கட்டுரையும் இதே கேள்வியோடு திருத்தத்துக்குத் திரும்பியிருக்கிறது. அந்த எண்கள் வந்த பிறகே மறுபடி அனுப்புவேன்.

திருத்திய திட்டத்துக்கு வருகிறேன். மர நிழலில் கரிமம் கூடியிருப்பதற்கு இலைச்சருகும் வேரும் காரணமாக இருக்கலாம். மாடு வெயிலுக்கு மரத்தடியில் படுத்துச் சாணம் போடுவதும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் பிரிக்காமல் மரத்துக்குப் பெருமை சேர்க்க முடியாது. இதற்கு வழி காட்டியது வேலிதான். கிளுவை வரிசைக்குள்ளேயே முளைத்து வளர்ந்த வெள்வேல்கள் உண்டு. முள்ளுக்குள் மாடு படுக்காது, அங்கே சருகு உண்டு, சாணம் இல்லை. 17 காடுகளையும் சுற்றிவந்து இப்படிப்பட்ட 15 மரங்களைக் குறித்திருக்கிறேன். இந்த மரங்களின் அடியில் வேலிக்குள்ளிருந்தே மண் எடுப்பேன். ஒப்பிடுவதற்குக் காட்டுக்குள் ஒரு காட்டுக்கு மூன்று மரம், ஒரு மரத்துக்கு மூன்று இடம்: தூரோரம், நிழல் விளிம்பு, வெட்டவெளி. மொத்தம் 168 மாதிரிகள். கிளுவையின் சருகும் வேலிக்குள் கலந்திருக்கும் என்பது இதில் உள்ள ஓட்டை. அதனால் மரமில்லாத வேலிப் பகுதியிலும் 15 மாதிரிகள் சேர்த்திருக்கிறேன்.

முதல் திட்டத்தில் இருந்த ஐசோடோப்புப் பகுப்பாய்வைக் கைவிடுகிறேன். அதற்கான பணமும் இல்லை, நாளும் இல்லை.

மண் எடுப்பது அக்டோபர் மழைக்கு முன், புல் அறுப்பது டிசம்பரில், ஆய்வகப் பணி 2026 மார்ச் வரை. பிறகு எழுத்து. ஆய்வுச் சுருக்கத்தைச் செப்டம்பரில் தருவேன், ஆய்வேட்டை 2026 டிசம்பரில். முன்பு சொன்ன கெடு ஜூன். புல்லைப் பற்றிய இயலின் வரைவு நெறியாளரிடம் இருக்கிறது.

காடு இன்னும் கைவிட்டுப் போகலாம். 14க்குக் கீழே இறங்கினால் மேய்ச்சல் முறை ஒப்பீட்டை விட்டுவிட்டு மரத்தை மட்டும் வைத்து முடிப்பேன். அதற்கும் இன்றே ஒப்புதல் தந்தால் நடுவில் ஒருமுறை குழுவைக் கூட்ட வேண்டியிருக்காது. மேசையில் இரண்டு மண் தட்டுகளும் ஒரு சொட்டுக்குப்பியும் வைத்திருக்கிறேன். இடப்பக்கத் தட்டு வெள்ளகோவில் மண். விருப்பமுள்ளவர்கள் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம், கையுறை பக்கத்திலேயே இருக்கிறது. கேள்விகளைக் கேளுங்கள்.