டிஸ்சார்ஜ் பிளான்: புதுசா இன்சுலின் ஆரம்பிச்சிருக்கற அப்பாவுக்காக, வீட்ல இருக்கறவங்களுக்கு

வார்டு டயபடிஸ் நர்ஸ் எழுதுறது. டிஸ்சார்ஜ் தேதி மார்ச் 6. அம்மாவும் பையனும் பொண்ணும் மூணு பேரும் படிங்க, ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வைங்க.

அப்பா கால் புண்ணுல இன்ஃபெக்ஷனோட வந்தப்ப சுகர் 420 இருந்துச்சு, மூணு மாச சராசரி காட்டற HbA1c டெஸ்ட் 11.2 சதவீதம். இன்ஃபெக்ஷன் இருந்தா சுகர் ஏறும், சுகர் ஏறுனா புண்ணு ஆறாது, அந்த சுத்தல நிறுத்தத்தான் இன்சுலின் ஆரம்பிச்சோம். இப்ப காலைல வெறும் வயித்துல 150 கிட்ட வந்திருக்கு. ஆனா ஒண்ண நல்லா மனசுல வச்சுக்கோங்க, புண்ணு ஆற ஆற உடம்புக்கு இன்சுலின் தேவை குறையும், இன்னைக்கு சரியா இருக்கற டோஸ் ரெண்டு வாரத்துல அதிகமாயிடலாம். அதனால இனிமே சுகர் ஏறுறத விட இறங்குறதத்தான் நீங்க ரொம்ப கவனிக்கணும்.

மருந்து

கிளார்ஜின் இன்சுலின் பேனா, தினமும் ராத்திரி 9 மணிக்கு 12 யூனிட். மெட்ஃபார்மின் 500 காலைலயும் ராத்திரியும் சாப்பிட்டதும். ஆன்டிபயாடிக் இன்னும் 5 நாள், புண்ணு நல்லா தெரிஞ்சாலும் பாதில நிறுத்தாதீங்க. கிளிமிபிரைட் நிறுத்தியாச்சு. பழைய அட்டை வீட்ல கண்டிப்பா மிச்சம் இருக்கும், இன்னைக்கே தேடி எடுத்து தனியா வச்சு அடுத்த தடவை வரும்போது கொண்டு வாங்க, ஏன்னா பழக்கத்துல அத ஒண்ணு போட்டுட்டு ராத்திரி இன்சுலினும் போட்டா சுகர் மடமடன்னு இறங்கிடும்.

டோஸ நீங்களா ஏத்தாதீங்க. காலை சுகர் 80லருந்து 130க்குள்ள வரணும், அதுதான் குறி. 80க்கு கீழ வந்தா அன்னைக்கு ராத்திரி 10 யூனிட் மட்டும் போட்டுட்டு மறுநாள் காலைல எங்களுக்கு போன் பண்ணுங்க. 70க்கு கீழ போனா மொதல்ல கீழ எழுதியிருக்கற மாதிரி சுகர ஏத்துங்க, அப்பறம் அன்னைக்கே கூப்பிடுங்க, ராத்திரி டோஸ் நாங்க சொன்னப்பறம்தான். தொடர்ந்து 3 நாள் 180க்கு மேலயே நின்னாலும் சொல்லுங்க.

ஊசி போடறது

நேத்து பையன் போட்டது நல்லாவே இருந்துச்சு, அம்மாவும் ஒரு தடவ கூட உக்காந்து பாருங்க, பையன் ஊருக்கு போற நாள்ல உங்க கை நடுங்கக் கூடாது. புது நீடில் மாட்டி மொதல்ல 2 யூனிட் வச்சு, நீடில் மேல பார்த்த மாதிரி பிடிச்சு அழுத்துங்க, நுனில ஒரு சொட்டு வரணும், வரலன்னா மறுபடி. அப்பறம் 12 திருப்புங்க. வயித்துல தொப்புள்லருந்து ரெண்டு விரல் தள்ளி, நேரா குத்தி, பட்டன் கடைசி வரைக்கும் இறங்குனப்பறமும் அழுத்துனபடியே மெதுவா 10 வரைக்கும் எண்ணிட்டு எடுங்க. இந்த எண்றதத்தான் எல்லாரும் அவசரத்துல விட்டுடறாங்க. எடுத்ததும் நீடில் நுனிலருந்து சொட்டு சொட்டா வடிஞ்சா சீக்கிரம் எடுத்துட்டீங்கன்னு அர்த்தம், ஆனா அதுக்காக இன்னொரு தடவ போடாதீங்க, எவ்ளோ உள்ள போச்சுன்னு யாருக்கும் தெரியாது. மறுநாள் காலைல சுகர் பார்த்துக்கலாம்.

தினமும் இடம் மாத்துங்க, ஒரே இடத்துல போட்டா தோலுக்கு அடில கட்டி மாதிரி தடிச்சுக்கும், அங்க போட்ட மருந்து ஒழுங்கா வேலை செய்யாது. நீடில் ஒரு தடவைக்குத்தான், பேனாலயே மாட்டி வைக்காதீங்க. கழட்டுனத கெட்டியான பிளாஸ்டிக் டப்பால போட்டு மூடி வச்சு நிரம்புனதும் இங்க கொண்டு வாங்க. அப்பாவோட பேனா அப்பாவுக்கு மட்டும்தான், நீடில் மாத்துனாலும் வேற யாரும் யூஸ் பண்ணக் கூடாது.

இந்த பேனா மார்ச் 3 திறந்தது. உள்ள 300 யூனிட், டெஸ்ட் பண்ற 2ம் சேர்த்து தினம் 14 போகும், அதனால 23, 24 வாக்குல தீந்துடும், அதுக்கு முன்னாடியே அடுத்தது வாங்கி வைங்க. டோஸ் குறைஞ்சு மிச்சம் இருந்தாலும் 28 நாளைக்கு மேல வேண்டாம், மார்ச் 31 வந்தா தூக்கிப் போட்டுடுங்க. திறந்தது 30 டிகிரிக்கு கீழ வெளிய இருக்கலாம், வெயில் படக் கூடாது. திறக்காதத ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீசர் பக்கத்துல வேணாம், உறைஞ்சு போன இன்சுலின் வேஸ்ட். மருந்து தண்ணி மாதிரி தெளிவா இருக்கணும், கலங்கியிருந்தா போடாதீங்க.

ஒரு நாள் மறந்துட்டா அன்னைக்கு ராத்திரிக்குள்ள ஞாபகம் வந்ததும் போடலாம். மறுநாள்தான் தெரிஞ்சுதுன்னா விட்டுடுங்க, ரெண்டு நாளுத சேர்த்து போடவே கூடாது.

சுகர் இறங்குனா

வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், திடீர்னு பசிக்கும், சில பேர் காரணமே இல்லாம எரிஞ்சு விழுவாங்க இல்ல குழறுவாங்க. அப்பா அப்படி பேசுனா கோவிச்சுக்காம மொதல்ல விரல்ல குத்திப் பாருங்க. தூக்கத்துல இறங்குனா தலகாணி நனையற அளவுக்கு வேர்க்கும், கெட்ட கனவுல முனகுவாரு, எழுப்பிப் பாருங்க. மெஷின் கைல இல்லன்னா டெஸ்டுக்காக காத்திருக்க வேணாம், இறங்கிடுச்சுன்னே வச்சுக்கிட்டு குடுங்க.

70க்கு கீழன்னா 15 கிராம் சர்க்கரை, அதாவது தட்டையா 4 டீஸ்பூன், தண்ணில கலக்கி குடிக்க வைங்க, இல்ல அதே 15 கிராம் குளுக்கோஸ் பவுடர், இல்ல 150 மில்லி பழ ஜூஸ். சாக்லேட் வேணாம், கொழுப்பு இருக்கறதால மெதுவாத்தான் ஏறும். சுகர்ஃப்ரீ மாத்திரை எதுக்கும் உதவாது. 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க, இன்னும் கீழயே இருந்தா இன்னொரு தடவ. ஏறுனதும் கொஞ்சம் சாப்பாடு குடுங்க, இந்த இன்சுலின் ராத்திரி பூரா வேலை செய்யும், சர்க்கரை மட்டும் குடுத்துட்டு தூங்க வச்சா மறுபடி இறங்கலாம்.

மயக்கமா இருந்தாலோ முழுங்க முடியலன்னாலோ வாய்ல எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்கு போயிடும். ஒரு பக்கமா திருப்பிப் படுக்க வச்சு ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. படுக்கை பக்கத்துலயும் அப்பா பாக்கெட்லயும் எப்பவும் குளுக்கோஸ் இருக்கணும்.

சுகர் டெஸ்ட்

காலைல எழுந்ததும் ஒண்ணு, ராத்திரி ஊசிக்கு முன்னாடி ஒண்ணு. கைய சோப்பு போட்டு கழுவி தொடச்சுட்டு விரலோட பக்கவாட்டுல குத்துங்க, பழம் உரிச்ச கையோட பார்த்தா பொய்யா அதிகமா காட்டும். ராத்திரி 100க்கு கீழ இருந்தா ஏதாவது கொஞ்சம் சாப்பிட வச்சுட்டு, ஊசிக்கு முன்னாடி போன் பண்ணிக் கேளுங்க. எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க, நல்ல நம்பர் மட்டும் எழுதற பழக்கம் வேண்டாம், கெட்ட நம்பர வச்சுத்தான் நாங்க டோஸ் முடிவு பண்ணுவோம்.

காய்ச்சல், வாந்தி வந்தா

சாப்பிடலன்னு இன்சுலின நீங்களா நிறுத்தாதீங்க, உடம்பு முடியாதப்ப சாப்பிடாமலே சுகர் ஏறும். 4 மணி நேரத்துக்கு ஒரு தடவ பார்த்துட்டு எங்களுக்கு போன் பண்ணுங்க, எவ்ளோ போடணும்னு சொல்லுவோம். வாந்தி பேதி இருந்தா மெட்ஃபார்மின மட்டும் நிறுத்தி வைங்க, தண்ணி நிறைய குடிக்கட்டும்.

அம்மா கேட்ட கேள்வி

இன்சுலின் போட்டா கிட்னி போயிடுமான்னு கேட்டீங்க. போகாதும்மா. கிட்னிய கெடுக்கறது வருஷக்கணக்கா ஏறியே இருக்கற சுகர், இன்சுலின் இல்ல. அப்பாவோட கிட்னி டெஸ்ட் நார்மலாத்தான் இருக்கு. புண்ணு ஆறி சுகர் நிலைக்கு வந்தப்பறம் இன்சுலின் தொடரணுமா மாத்திரையே போதுமான்னு டாக்டர் பார்த்து சொல்லுவாரு, இப்பவே சத்தியம் பண்ண முடியாது. பக்கத்து வீட்ல சொன்னாங்கன்னு மட்டும் நிறுத்திடாதீங்க.

எப்ப வரணும்

மார்ச் 11 கட்டு மாத்த, மார்ச் 20 சுகர் நோட்டு, பேனா, மெஷின் எல்லாத்தோடயும். மூணு மாச சராசரி டெஸ்ட் ஜூன்ல. தினமும் ராத்திரி ரெண்டு பாதத்தையும் அடிப்பக்கம் வரைக்கும், விரல் இடுக்கு வரைக்கும் வெளிச்சத்துல பாருங்க, அப்பாவுக்கு கால் உணர்ச்சி கம்மி, குத்துனாலும் தெரியாது.

சிவப்பு மேல பரவுனா, சீழ் நாத்தம் அடிச்சா, விரல் கறுத்தா, சுகர் ரெண்டு தடவ தொடர்ந்து 300க்கு மேல இருந்தா, அன்னைக்கே வாங்க. மெஷின் நம்பருக்கு பதிலா HIனு, அதாவது அளக்க முடியாத அளவுக்கு அதிகம்னு காட்டுனா, வாந்தி நிக்காம மூச்சு வாங்குனா, குழப்பமா பேசுனா, ராத்திரி எந்நேரமானாலும் நேரா எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு வாங்க. மத்த சந்தேகத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரி மேல அச்சடிச்சிருக்கற வார்டு நம்பர், 24 மணி நேரமும் யாராவது எடுப்போம்.