மழை லீவும் மே மாத லீவும்

நவம்பர் மாதத்து இரவு ஒன்பது மணிக்கு உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கும்: "நாளைக்கு லீவா?" கலெக்டர் அறிவிப்பு வரும்வரை யாரும் ஹோம்வொர்க் நோட்டைத் தொடமாட்டார்கள். விடியற்காலையில் லீவு என்று செய்தி வரும். பத்து மணிக்குப் பார்த்தால் சுள்ளென்று வெயில் அடிக்கும். இது வானிலை.

மே மாத விடுமுறைக்கு இப்படி யாரும் காத்திருப்பதில்லை. அந்த மே எப்படியிருக்கும் என்று தெரியாமலேயே விடுமுறையை முன்கூட்டி முடிவுசெய்துவிடுகிறார்கள். எத்தனையோ மே மாதங்களைப் பார்த்த அனுபவத்தில் எடுத்த முடிவு அது. அதற்குப் பின்னால் இருப்பது காலநிலை.

இன்றைக்கு, நாளைக்கு, இந்த வாரம் வானம் என்ன செய்கிறது என்பது வானிலை. ஓர் ஊரில் பல பத்தாண்டுகளாக வானம் வழக்கமாக என்ன செய்துவருகிறது என்பது காலநிலை. உலக வானிலை அமைப்பு இதற்கு 30 ஆண்டு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நம் விவசாயிகளிடம் இந்தப் பிரிவு எப்போதோ இருந்திருக்கிறது. தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பார்கள். அது அன்றைய வானத்தைப் பார்த்துச் சொல்வது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதோ எந்த வருஷத்து ஆடியையும் குறிப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பார்த்ததன் சராசரி அது.

செய்தியில் ஒளிந்திருக்கும் ஒரு சொல்

"மீனம்பாக்கத்தில் அதிகபட்ச வெப்பநிலை 39 டிகிரி செல்சியஸ். இது இயல்பை விட 2 டிகிரி அதிகம்." இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியம் வானிலை. இரண்டாவது வாக்கியத்தில் உள்ள 'இயல்பு' காலநிலை. செய்தி வாசிப்பவர் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார், நாமும் கவனிப்பதில்லை.

அந்த இயல்பு எங்கிருந்து வருகிறது? ஒரு மரப்பெட்டியிலிருந்து. வானிலை நிலையங்களில் தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில், நான்கு கால்களின் மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்த பெட்டி ஒன்று நிற்கும். ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். காற்று உள்ளே போய்வர வேண்டும், வெயில் மட்டும் படக்கூடாது என்பதற்காகப் பக்கமெல்லாம் சாய்த்து அடித்த மரப்பட்டிகள் இருக்கும். கதவு வடக்குப் பார்த்திருக்கும். அளவெடுக்கத் திறக்கும்போதுகூட நேர்வெயில் வெப்பமானிமேல் விழக்கூடாது, அவ்வளவு கவனம். நாம் செய்தியில் கேட்பது இந்த நிழல் வெப்பத்தைத்தான். "மொட்டை மாடியில் 50 டிகிரி காட்டுது" என்று நண்பர் போடும் ஸ்டேட்டஸ் பொய்யில்லை, ஆனால் அவர் அளந்தது தளத்தின் சூட்டை.

இப்படி நாள் தவறாமல் எடுத்த அளவுகளை 30 வருஷத்துக்குச் சேர்த்துச் சராசரி எடுத்தால் இயல்பு கிடைக்கும். இப்போது புழக்கத்தில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான சராசரி. பத்து வருஷத்துக்கு ஒருமுறை இதைப் புதுப்பிப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகம் சூடாகச் சூடாக இயல்பும் மேலே ஏறும். உங்கள் தாத்தா காலத்தில் 'இயல்பை விட அதிகம்' என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரு நாளை, இன்றைக்கு 'இயல்பு' என்றே சொல்லிவிடலாம்.

2023இல் கோடை விடுமுறை முடிந்து ஜூன் 1ஆம் தேதி தமிழ்நாட்டில் பள்ளி திறந்திருக்க வேண்டும். வெயில் தாங்காமல் 7ஆம் தேதிக்குத் தள்ளினார்கள், அப்புறம் பெரிய வகுப்புகளுக்கு 12ஆம் தேதி என்றார்கள். காலநிலை மாறிவிட்டது என்பதற்கு இதுவே சாட்சியா? இல்லை. ஒரு ஜூன் ஒரு ஜூன்தான். பல பத்தாண்டு ஜூன்களை வரிசையாக வைத்துப் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும்.

ஊட்டிப் பனியும் 2024ஆம் ஆண்டும்

ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும் படம் வரும். உடனே ஒரு மாமா கேட்பார்: "பூமி சூடாகுதுன்னு சொன்னீங்களே, இது என்ன?" அவருக்குப் பதில் எளிது. சராசரி ஏறுகிறது என்றால் குளிரே வராது என்று அர்த்தமில்லை. குளிர் நாட்கள் வரும், ஆனால் உலகம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் அவற்றின் எண்ணிக்கை குறைந்துவருகிறது.

இதே விதியை மறுபக்கமும் வைக்க வேண்டும். இதைச் சொல்வோர் குறைவு. பதிவுகளிலேயே மிகச் சூடான ஆண்டு 2024. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட உலகச் சராசரி 1.5 டிகிரிக்கு மேல் போன முதல் முழு ஆண்டும் அதுதான். "பாரிஸ் ஒப்பந்தம் தோற்றுப்போச்சு, எல்லாம் முடிஞ்சுது" என்று வீடியோக்கள் பறந்தன. வெப்பமாதலைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2015இல் போட்ட அந்த ஒப்பந்தத்தின் 1.5 டிகிரி இலக்கு பல ஆண்டுகளின் சராசரியைப் பற்றியது, ஒற்றை ஆண்டைப் பற்றியது அல்ல. சில வருஷங்களுக்கு ஒருமுறை பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவும் 2024இன் சூட்டுக்குக் கைகொடுத்தது. கவலைப்பட வேண்டிய எண்தான் அது, சந்தேகமில்லை. ஆனால் ஒரு பனிநாளை வைத்து 'சூடாகவில்லை' என்பது எவ்வளவு தப்போ, ஒரு வருஷத்தை வைத்து 'முடிந்தது' என்பதும் அவ்வளவு தப்பு.

சரி, ஏன் சூடாகிறது? இதில் மர்மம் ஏதுமில்லை. நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு இவற்றை எரித்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் அந்த வாயு பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது. ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் 1958இல் சார்லஸ் கீலிங் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கூடுதல் வெப்பத்தில் தொண்ணூறு சதவீதத்தைக் கடல்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால்தான் கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டக்கூடிய வாய்ப்பு கூடுகிறது.

வாய்ப்பு கூடுகிறது என்றேன். எல்லா மழையையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிட முடியாது. 2015 டிசம்பரில் சென்னையே மூழ்கியதல்லவா, அந்த மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகள் அதில் புவி வெப்பமாதலின் பங்கு இருப்பதாகக் கண்டறிய முடியவில்லை என்று எழுதினார்கள். வேறு நாடுகளின் பல வெப்ப அலைகளை அதே முறையில் ஆராய்ந்தபோது பங்கு பளிச்சென்று தெரிந்தது. எது வந்தாலும் 'ஆமாம்' என்று சொல்லாத இந்த நேர்மையால்தான் எனக்கு இந்தத் துறைமேல் நம்பிக்கை. அப்படியென்றால் சென்னை ஏன் மூழ்கியது? மழை பெரிது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி குடியிருப்பாகவும் அலுவலகமாகவும் குப்பைமேடாகவும் மாறிவிட்டதும் சேர்ந்ததுதானே. வானத்தை நம்மால் உடனே மாற்ற முடியாது. வாய்க்காலை மாற்ற முடியும்.

பயமுறுத்தாத கணக்கு

ஒடிசாவை 1999 அக்டோபரில் பெரும்புயல் தாக்கியபோது ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2019 மே மாதம் அதே மாநிலத்தை ஃபானி புயல் தாக்கியது. அதுவும் மிகக் கடுமையான புயல்தான். ஒடிசாவில் இறந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. இடைப்பட்ட இருபது வருஷத்தில் புயல்கள் சாதுவாகிவிடவில்லை. கடலோரத்தில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டினார்கள், கிராமத்துத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், புயலின் பாதையை முன்கூட்டியே கணித்துப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அப்புறப்படுத்தினார்கள். வீடுகளும் தென்னைகளும் போயின, அது சின்ன இழப்பில்லை. ஆட்கள் பிழைத்தார்கள்.

வெப்பத்தைக் குறைக்கும் பக்கமும் வெறுங்கை இல்லை. பாரிஸ் ஒப்பந்தத்துக்கு முன், போகிற போக்கில் போனால் இந்த நூற்றாண்டு முடிவில் 4 டிகிரிக்கு அருகில் ஏறும் என்று ஐ.நா. தரப்பில் கணித்திருந்தார்கள். இப்போதைய கணிப்புகள் 3 டிகிரியை ஒட்டி நிற்கின்றன. 3 என்பதும் மோசம்தான், ஆனால் 4இலிருந்து அங்கே வந்தது தானாக நடந்ததல்ல. இந்தியாவின் சூரிய மின்திறன் 2014இல் 3 ஜிகாவாட்கூட இல்லை; 2025 தொடக்கத்தில் 100ஐத் தாண்டியது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை முப்பந்தலில் காற்றாலைகள் பல வருஷமாக மின்சாரமாக்கிக்கொண்டிருக்கின்றன. ராமநாதபுரம் வெயிலைத் திட்டாதவர்கள் கிடையாது. அந்த வெயிலை நம்பித்தான் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இல் வந்தது. இன்னும் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்துதான் வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பலர் கேள்விப்படாத இன்னொன்று. கார்பன் டை ஆக்சைடை மேற்கொண்டு சேர்க்காத நிலைக்கு உலகம் வந்துவிட்டால், வெப்பநிலை ஏறுவது ஏறத்தாழ அங்கேயே நின்றுவிடும் என்பதே இன்றைய கணிப்பு. ஏறின சூடு சீக்கிரம் இறங்காது, கடல்மட்டமும் இன்னும் நெடுநாள் உயரும். ஆனால் 'எவ்வளவு செய்தாலும் ஏறிக்கொண்டேதான் இருக்கும்' என்பது தவறு. 1.5இல் ஒரு பள்ளம் இருக்கிறது, தாண்டினால் உலகமே விழுந்துவிடும் என்பதும் இல்லை. 1.6 நல்லதல்ல, ஆனால் 1.7ஐவிட அது நிச்சயம் மேல்.

'ஃபேனை நிறுத்தாததால்தான் பூமி சூடாகிறது' என்று உங்களை யாராவது குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் ஏறாதீர்கள். மின்சாரம் எதிலிருந்து வருகிறது, பஸ் எத்தனை ஓடுகிறது, ஏரியில் வீடு கட்ட யார் அனுமதித்தது, இவைதான் பெரிய கணக்குகள். இன்னும் சில வருஷத்தில் உங்கள் கையில் ஓட்டு இருக்கும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமுள்ள, தட்டையான அடி கொண்ட கண்ணாடி ஜாடியைச் சுவரும் மரமும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30க்கு நீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்து எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்துக்குத்தான் கணக்கை முடிக்கிறது. அடுத்த தெருவில் உள்ள நண்பரின் ஜாடியும் உங்களுடையதும் ஒத்துப்போகாத நாட்களே நிறைய இருக்கும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். உங்கள் பள்ளி மொட்டை மாடி 500 சதுர மீட்டர் என்றால், 10 சென்டிமீட்டர் மழை பெய்த நாளில் அங்கே விழுந்தது 50,000 லிட்டர். தமிழ்நாட்டில் 2003இலேயே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். உங்கள் பள்ளியின் மாடிக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று அடுத்த மழைக்கு முன் ஒருமுறை பின்தொடர்ந்து பாருங்கள். அது நேராகத் தெருச் சாக்கடையில் முடிந்தால், கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போங்கள்.