தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 – பிரிவு 6(1)-இன் கீழ் விண்ணப்பம்

நாள்: 12.06.2025
சென்னை – 42

அனுப்புநர்
கோ. மீனாட்சி,
எண் 14, திருவள்ளுவர் 2-ஆவது குறுக்குத் தெரு,
வேளச்சேரி, சென்னை – 600 042.

பெறுநர்
பொதுத் தகவல் அலுவலர்,
மழைநீர் வடிகால் துறை,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் கட்டடம், சென்னை – 600 003.

ஐயா / அம்மா,

பொருள்: வேளச்சேரி, திருவள்ளுவர் 2-ஆவது குறுக்குத் தெரு மழைநீர் வடிகால் பணி – ஆவணங்களின் சான்றிட்ட நகல்கள் கோருதல் – தொடர்பாக.

நான் இந்தியக் குடிமகள். அடையாறு மண்டலத்தைச் சேர்ந்த (மண்டலம் 13) மேற்படி தெருவில், எண் 1 முதல் எண் 38 வரையுள்ள வீடுகளின் முன்னால், ஆகஸ்ட் 2024-இல் தொடங்கிய வடிகால் பணி பற்றியது இவ்விண்ணப்பம். பணியிடத்தில் நிறுத்தியிருந்த தகவல் பலகையில் பணியின் பெயரும் தொடங்கிய மாதமும் தெரிந்தன. பணி ஆணை எண் இருந்த வரியின் மேல் யாரோ கல்யாணச் சுவரொட்டியை ஒட்டிவிட்டதால் எண்ணைக் குறிப்பிட முடியவில்லை. தெருவின் பெயரையும் தொடங்கிய மாதத்தையும் கொண்டு கோப்பை அடையாளம் காண வேண்டுகிறேன். அந்த மாதத்தில் இத்தெருவில் வேறு வடிகால் பணி நடக்கவில்லை.

கீழே கேட்டிருப்பவை அனைத்தும் கோப்பில் இருக்கக்கூடிய ஆவணங்கள். விளக்கமோ கருத்தோ கேட்கவில்லை. புதிதாக அறிக்கை எதுவும் தயாரிக்க வேண்டியதில்லை.

1. இப்பணிக்கான விரிவான மதிப்பீடு, அதற்கு வழங்கிய தொழில்நுட்ப ஒப்புதல், நிர்வாக ஒப்புதல் ஆணை.

2. பணி ஆணையும் ஒப்பந்த உடன்படிக்கையும். உடன்படிக்கை நீளமானதாக இருந்தால் வேலை விவரமும் விலையும் உள்ள அட்டவணை, பணி முடிக்க வேண்டிய காலம், குறைபாடுகளைச் சரிசெய்யும் பொறுப்புக் காலம் ஆகியவை உள்ள பக்கங்கள் மட்டும் போதும். பொதுவான அச்சு நிபந்தனைகள் தேவையில்லை.

3. ஒப்புதல் பெற்ற வரைபடங்கள்: வடிகாலின் நீளவெட்டு, குறுக்குவெட்டு, வண்டல் தொட்டிகள் அமையும் இடங்கள், தண்ணீர் சென்று சேரும் இடத்தின் மட்டம்.

4. 'எம்-புக்' என்று வழங்கும் அளவுப் புத்தகத்தில் இப்பணிக்கான பதிவுகள் உள்ள எல்லாப் பக்கங்களும். பக்க எண் தெரியும்படி, புத்தகத்தின் முகப்புப் பக்கத்துடன் நகலெடுத்துத் தர வேண்டும். தோண்டிய ஆழம், கம்பி, கான்கிரீட், மூடி ஆகியவற்றின் அளவுப் பதிவுகளோடு, உயர் அலுவலர் சரிபார்த்து நாளிட்டுக் கையொப்பமிட்ட பக்கங்களும் இதில் அடங்கும். பதிவுகளின் தொகுப்பு அட்டவணையை மட்டும் தருவது இந்தக் கோரிக்கைக்கு விடையாகாது. அடித்து எழுதிய இடங்கள் இருந்தால் அவை அப்படியே நகலில் தெரிய வேண்டும்.

5. கான்கிரீட் கனசதுரச் சோதனை அறிக்கைகள்.

6. இதுவரை ஒப்பளித்த பகுதிப் பட்டியல்களும், இறுதிப் பட்டியல் ஒப்பளிக்கப்பட்டிருந்தால் அதுவும்.

7. குழாய், கேபிள் ஆகியவற்றை இடம் மாற்றுவது குறித்து, 01.06.2024 முதல் 31.05.2025 வரை, தங்கள் துறைக்கும் சென்னைக் குடிநீர் வாரியத்துக்கும் மின் வாரியத்துக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து.

அளவுப் புத்தகம் மண்டல அலுவலகத்தில் இருக்குமானால், பிரிவு 5(4)-இன்படி அங்குள்ள அலுவலரின் உதவியைப் பெற்று வழங்க வேண்டுகிறேன். 'எங்களிடம் இல்லை' என்ற பதிலோடு முடித்துவிட வேண்டாம். மேற்கண்டவற்றில் ஏதேனும் வேறொரு பொது அதிகார அமைப்பிடம் இருந்தால், அந்தப் பகுதியை மட்டும் பிரிவு 6(3)-இன்படி ஐந்து நாட்களுக்குள் அனுப்பி, எனக்கும் எழுத்து மூலம் தெரிவிக்கவும். ஆவணத்தின் ஒரு பகுதி விலக்குக்கு உட்பட்டதாகத் தாங்கள் கருதினால், பிரிவு 10-இன்படி அதை நீக்கிவிட்டு மீதியைத் தரலாம். நீக்கிய இடத்தையும், எந்தப் பிரிவின் கீழ் நீக்கப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டுகிறேன். மறுப்பதானால், காரணத்தோடு மேல்முறையீட்டு அலுவலரின் பதவியும் முகவரியும் பிரிவு 7(8)-இன்படி பதிலில் இடம்பெற வேண்டும்.

விண்ணப்பக் கட்டணம் ரூ.10-க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியுள்ளேன். நகல் கட்டணத்தைப் பக்க எண்ணிக்கையுடனும் கணக்கீட்டுடனும் தெரிவித்தால் உடனே செலுத்துவேன். வரைபடம் பெரிய தாளில் இருந்து நகலெடுக்க முடியாவிட்டால், அதன் மின்னணுக் கோப்பைக் குறுந்தகட்டில் பெற்றுக்கொள்ளச் சம்மதம்.

பக்கங்கள் மிகுதியாக இருந்தால் முதலில் கோப்பைப் பார்வையிட்டு வேண்டிய பக்கங்களை மட்டும் குறித்துத் தரவும் தயார். அதற்கு வேலை நாள் ஒன்றில் முற்பகல் நேரம் ஒதுக்கி எழுத்து மூலம் தெரிவிக்கவும். இதைக் காரணமாக்கி, நகல் கோரிக்கையை நான் கைவிட்டதாகக் கொள்ள வேண்டாம்.

பிரிவு 7(1)-இன்படி 30 நாட்களுக்குள் மேற்கண்ட முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
கோ. மீனாட்சி

இணைப்பு: தகவல் பலகையின் புகைப்படம் – 1