அப்பத்தாவுக்கு 80: பதினைந்து நொடி வாழ்த்து வீடியோ

எல்லாருக்கும்: நாளைக் காலை அப்பத்தா கோவிலுக்குக் கிளம்பியதும் எடுத்துவிடலாம். போனை நெட்டுக்குத்தாகப் பிடிக்கவும். வசனத்தில் யாரும் ஒரு வார்த்தைகூடக் கூட்ட வேண்டாம். சொல்லிப் பார்த்து, நொடி எண்ணித்தான் எழுதியிருக்கிறேன்.

0–4 நொடி
வாசல் படிக்குக் கீழே செருப்புகள். போன் தரையோடு தாழ்ந்து, இடமிருந்து வலமாக மெதுவாகப் போகும். முகம் எதுவும் தெரியக் கூடாது.
மீனா (குரல் மட்டும்): "அப்பத்தா, வாசல்ல செருப்பை எண்ணித்தானே உலைக்கு அரிசி போடுவீங்க?"

செருப்பை அழகாக அடுக்கிவிடாதீர்கள். வழக்கம்போல ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கட்டும். டிரைவர் அண்ணன் செருப்பையும் நகர்த்த வேண்டாம், அவருக்கும் சேர்த்துத்தானே அரிசி விழும்.

4–6 நொடி
சின்னவன் திண்ணையில் குத்தவைத்து, விரலை நீட்டி எண்ணி முடித்து நிமிர்கிறான்.
சின்னவன்: "நான் எண்ணிட்டேன், பதினாறு ஜோடி!"
(பல் விழுந்த இடத்தில் காற்றுப் போனால் போகட்டும். திரும்ப எடுக்காதீர்கள்.)

6–9 நொடி
சிங்கப்பூர் அண்ணன் வீட்டுக் கதவு. வெளியே ஒரே ஒரு ஜோடி.
அண்ணன் (குரல்): "இங்க ஒரு ஜோடி கிடக்கு, அதையும் சேத்துக்கங்க."
அண்ணே, இன்று ராத்திரிக்குள் அனுப்பிவிடுங்கள். ஷூ வேண்டாம், ஊரிலிருந்து கொண்டுபோன அந்தப் பழைய செருப்பு.

9–15 நொடி
வளவு. முற்றத்து ஓரம், தூணை ஒட்டி எல்லாரும் நெருக்கி நிற்கிறோம், வெறுங்காலோடு. முற்றத்துக்கு முதுகு காட்டி நின்றால் முகமெல்லாம் இருட்டாகிவிடும், வெளிச்சத்தைப் பார்த்து நில்லுங்கள். வளவில் குரல் எதிரொலிக்கும். அதனால் கத்தாமல், ஒன்றாகத் தொடங்கினால் போதும். மீனா தலையை ஆட்டுவாள்.
எல்லாரும்: "பதினேழு பேருக்கு உலை வைங்க அப்பத்தா! எண்பதாவது பொறந்தநாள், கும்புட்டுக்கறோம்!"
கைகூப்பியதும் ஒரு நொடி அசையாமல் நிற்கவும்.

முதலில் 'வாழ்த்துகள்' என்றுதான் எழுதியிருந்தேன். "சின்னவங்க என்ன வாழ்த்துறது, கும்பிடுங்க" என்று பெரியத்தை சொன்னார்கள். சரிதானே. பேரன் பேத்தி பெயர்களை வரிசையாகச் சொல்லும் யோசனையையும் விட்டுவிட்டேன், அதற்கே பதினைந்து நொடி போய்விடும். வெள்ளைப் பணியாரம் பற்றிய வரியும் போயிற்று. பணியாரம் எல்லா வீட்டு அப்பத்தாவும் சுடுவார்கள். செருப்பை எண்ணுவது நம் அப்பத்தா மட்டும்தான்.

பாட்டு வேண்டாம். செருப்புக் காட்சியில் பின்னால் பால்காரர் மணி கேட்டால் அப்படியே இருக்கட்டும்.

கடைசி நொடியில் திரையில் எழுத்து, பெரியதாக: அப்பத்தா 80

போட்டுக் காட்டும்போது முதலில் கண்ணாடியை எடுத்துக் கையில் கொடுங்கள். அப்புறம் ப்ளே அழுத்துங்கள்.