ரெடுயி கரும்பு ஆராய்ச்சிப் பண்ணைக்குக் கல்விச் சுற்றுலா செல்ல அனுமதி வேண்டுதல்

அனுப்புநர்:
தலைவர், செயலாளர்,
வேளாண் மாணவர் மன்றம்,
அரசு இடைநிலைப் பள்ளி,
குட்லாண்ட்ஸ், மொரீஷியஸ்.

பெறுநர்:
உயர்திரு முதல்வர் அவர்கள்,
அரசு இடைநிலைப் பள்ளி,
குட்லாண்ட்ஸ்.

நாள்: 19 மே 2025

பொருள்: 12ஆம் வகுப்பு வேளாண் மாணவர்களின் ஒரு நாள் கல்விச் சுற்றுலா – அனுமதியும் பரிந்துரைக் கடிதமும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தமிழ் வகுப்பினர் பள்ளிக் கடிதங்களையும் தமிழில் எழுதிப் பழக வேண்டும் என்று தாங்கள் கூறியதை ஏற்று இதைத் தமிழிலேயே எழுதியுள்ளோம். அலுவலகக் கோப்புக்கான ஆங்கிலப் படி தனியே இணைக்கப்பட்டுள்ளது.

எங்கள் மன்றத்தைச் சேர்ந்த 12ஆம் வகுப்பு மாணவர்கள் 28 பேரும் வரும் ஜூன் 12, வியாழக்கிழமை அன்று, ரெடுயியில் உள்ள மொரீஷியஸ் கரும்புத் தொழில் ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனைப் பண்ணையையும் ஆய்வுக்கூடத்தையும் பார்வையிட்டு வரத் தங்கள் அனுமதியைப் பணிவுடன் வேண்டுகிறோம்.

இந்த வேண்டுகோளுக்குக் காரணம் நம் பள்ளித் தோட்டத்திலேயே இருக்கிறது. ஒரு மாணவரின் மாமா தம் வயலிலிருந்து கொடுத்த கரணைகளை நட்டு வளர்த்த இரண்டு வரிசைக் கரும்பில், முதல் வெட்டு நன்றாகவே வந்தது. அதே வேரிலிருந்து துளிர்த்த மறுதாம்போ, உரமும் நீரும் குறையாமல் இட்டும், ஓர் ஆள் தோள் உயரத்தைத் தாண்டவில்லை. இலையில் புள்ளியோ வாடலோ எதுவும் இல்லை. சென்ற மாதம் ஒரு தண்டைக் கணுவின் அருகே மெல்லிய சீவலாகக் கீறிப் பார்த்தபோது, உள்ளே ஊசி முனையால் குத்தியது போலச் செம்மஞ்சள் நிறப் பொட்டுகள் தெரிந்தன. மறுதாம்புக் குட்டை நோய்க்குப் பாடநூல் சொல்லும் அடையாளம் இதுவே. ஆனால் வேறு காரணங்களாலும் கணுவில் நிறம் மாறக்கூடும் என்பதால், ஆய்வுக்கூடச் சோதனை இல்லாமல் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது என்று எங்கள் ஆசிரியர் கூறினார். வெட்டுக் கத்தி வழியாகவும் பரவும் இந்த நோயை நாங்களே ஒரே கத்தியால் வரிசை முழுவதும் பரப்பிவிட்டோமோ என்ற ஐயம் எங்களுக்கு உண்டு.

நோயை உண்டாக்கும் பாக்டீரியாவை ஆய்வாளர்கள் எவ்வாறு கண்டறிகிறார்கள், விதைக் கரணைகளை 50 பாகை செல்சியஸ் வெந்நீரில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்தும் முளை சாகாமல் காப்பது எப்படி என்பவற்றை நேரில் கேட்டறிய விரும்புகிறோம். 1953இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் இதற்குப் பொருத்தமான இடம் என்பது எங்கள் துணிபு. கரும்பு பூக்கும் பருவமும் இதுவே என்பதால், புதிய ரகங்களுக்கான கலப்புப் பணியைப் பற்றியும் அறிய வாய்ப்புண்டு. எம் 134/32 என்ற கரும்பு ரகத்தின் பெயரில் எம் என்பது மொரீஷியஸையும், 32 என்பது 1932ஆம் ஆண்டையும் குறிக்கும் என்பதைக்கூட எங்களில் பலர் அண்மையில்தான் அறிந்தோம்; வழியெல்லாம் கரும்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சற்று வெட்கமே.

காலை 7.30 மணிக்குப் பள்ளியிலிருந்து வாடகைப் பேருந்தில் புறப்பட்டு, மாலை 3 மணிக்குள் திரும்புவோம். வேளாண் ஆசிரியரும் உயிரியல் ஆசிரியையும் உடன் வர இசைந்துள்ளனர். அன்று அவர்களுடைய வகுப்புகளுக்கு மாற்று ஏற்பாடு செய்து தர வேண்டுகிறோம். தேர்வு நெருங்குவதைக் கருதி 11ஆம் வகுப்பு உறுப்பினர்களை இம்முறை சேர்க்கவில்லை. அவர்கள் வருந்தினாலும் முடிவை ஏற்றுக்கொண்டார்கள். பேருந்துக்கு ஒருவருக்கு 200 ரூபாய் ஆகும். செலுத்த இயலாத மாணவர்களுக்கு, நாற்று விற்று மன்றம் சேர்த்த தொகையிலிருந்து, பெயர் வெளியிடாமல் கொடுத்துவிடுவோம். உணவை அனைவரும் வீட்டிலிருந்தே கொண்டுவருவர்; பருப்புப் பூரிக் கடையைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்ல மாட்டோம் என்றும் உறுதியளிக்கிறோம்.

சென்ற ஆண்டுப் பயணம், பெற்றோரின் ஒப்புதல் படிவங்கள் கடைசி நாள் வரை வந்து சேராததால் கைவிடப்பட்டது. அந்தத் தவறு எங்களுடையதே. ஆதலால் இம்முறை படிவங்களை முன்னரே திரட்டி, 28ஐயும் இக்கடிதத்துடன் இணைத்துள்ளோம். நோய் பரவாதிருக்க, பண்ணைக்குள் நுழையுமுன் காலணிகளைத் தூய்மை செய்வோம்; அங்கிருந்து கரும்பையோ மண்ணையோ எடுத்து வர மாட்டோம். நம் தோட்டத்துத் தண்டு மாதிரியையும், நிறுவனத்தார் கேட்டுக்கொண்டால் மட்டுமே, அவர்கள் சொல்லும் முறையில் பொதிந்து கொண்டுசெல்வோம்.

தங்கள் அனுமதியின்றி வெளியாரை அணுகுவது முறையன்று என்பதால் நிறுவனத்துக்கு இன்னும் எழுதவில்லை. எனவே, அனுமதியுடன், அந்நிறுவனத்தின் இயக்குநருக்குப் பள்ளியின் பெயரில் ஒரு பரிந்துரைக் கடிதமும் மே 26ஆம் தேதிக்குள் அளித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஜூன் 12 அவர்களுக்கு ஒத்துவராவிட்டால், ஜூன் 19ஆம் தேதியை மாற்றாகக் குறிப்பிடலாம். நேரில் விளக்கம் தேவைப்பட்டால், மதிய இடைவேளையில் தங்கள் அறைக்கு வரக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவர்கள்,
தலைவர், செயலாளர்,
வேளாண் மாணவர் மன்றம்.

இணைப்பு: ஆங்கிலப் படி, மாணவர் பெயர்ப் பட்டியல், பெற்றோர் ஒப்புதல் படிவங்கள் 28.