ஒருவர் பாரமும் தன்தன் பாரமும்
வளர்ந்தோர் வேதபாட வகுப்பு, திருகோணமலை
வாசிப்பு: கலாத்தியர் 6:1-5

எல்லாரும் வேதாகமத்தைத் திறந்துகொள்ளுங்கள். முதலில் இரண்டாம் வசனத்தை மட்டும் ஒரு அக்கா வாசிக்கட்டும்: “ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து, இப்படியே கிறிஸ்துவினுடைய பிரமாணத்தை நிறைவேற்றுங்கள்.” இனி ஐந்தாம் வசனத்தை ஒரு அண்ணன் வாசிக்கட்டும்: “அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே.”

இரண்டுக்கும் இடையில் இரண்டே வசனங்கள்தான். எழுதியவரும் ஒருவர், பெற்றுக்கொண்ட கலாத்தியா சபைகளும் அவையே, ஒரே கடிதம். மேலே எழுதியது கீழே வரும்போது பவுலுக்கு மறந்துபோயிருக்காது. அதனால் ‘எது சரி’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘ஒரே மூச்சில் ஏன் இரண்டையும் சொன்னார்’ என்று கேட்போம்.

சண்டையை நமக்குப் பெரிதாகக் காட்டுவது நம்முடைய மொழிபெயர்ப்பு. தமிழில் இரண்டு இடத்திலும் ‘பாரம்’ என்றே இருக்கிறது. கிரேக்கத்தில் இரண்டும் வேறு சொற்கள். இரண்டாம் வசனத்தில் இருப்பது ‘பரோஸ்’: அழுத்துகிற சுமை. மத்தேயு 20:12இல் திராட்சத்தோட்ட வேலைக்காரர் “பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும்” என்று முறையிடுகிறார்கள் அல்லவா? அந்தக் ‘கஷ்டம்’ இதே பரோஸ்தான். ஐந்தாம் வசனத்தில் இருப்பது ‘ஃபோர்தியோன்’: ஒருவன் தூக்கிப்போகவேண்டிய அவனுடைய மூட்டை. “என் சுமை இலகுவாயும் இருக்கிறது” என்று மத்தேயு 11:30இல் ஆண்டவர் சொல்லும் சுமை அது. துறைமுகத்தில் வேலைசெய்த ஐயாமாருக்கு ஒன்று சொல்கிறேன்: பவுல் ஏறிய கப்பலின் சரக்கைப் பற்றி அப்போஸ்தலர் 27:10 பேசுகிறது. அந்தச் சரக்குக்கான சொல்லும் இதே குடும்பம்.

ஆனால் சொல்லை மட்டும் நம்பி நின்றுவிடக்கூடாது. மத்தேயு 23:4இல் பரிசேயர் மனுஷர் தோள்மேல் சுமத்துகிற, சுமப்பதற்கு அரிய சுமைகளுக்கும் ஃபோர்தியோன் என்ற சொல்லே வருகிறது. ஆகவே ‘ஒன்று பெரியது, மற்றது சின்னது’ என்று பிரித்து வைத்தால் சரிவராது. கிரேக்கச் சொல் நமக்குக் கதவைத் திறக்கிறது, அவ்வளவுதான். உள்ளே போக நடுவில் உள்ள வசனங்களை வாசிக்கவேண்டும்.

இப்போது ஒன்று முதல் ஐந்து வரை நிறுத்தாமல், மெதுவாக வாசியுங்கள்.

முதல் வசனத்தில் ஒருவன் குற்றத்தில் அகப்பட்டிருக்கிறான். சபை அவனைச் சாந்தத்தோடு தூக்கி நிறுத்தவேண்டும். இரண்டாம் வசனத்தின் பாரம் அங்கேதான் தொடங்குகிறது. விழுந்தவனுடைய வெட்கமும் அதில் சேர்ந்த சுமை. அப்புறம் மூன்றாம் நான்காம் வசனங்களில் பவுல் தூக்குகிறவன் பக்கம் திரும்புகிறார். விழுந்தவனுக்குப் பக்கத்தில் நிற்கும்போது ‘நான் பரவாயில்லை’ என்ற எண்ணம் எவ்வளவு சுலபமாக வருகிறது! அதனால்தான், மற்றவனைப் பார்க்காதே, உன் கிரியையைச் சோதித்துப்பார் என்கிறார். அதற்குக் காரணமாக ஐந்தாம் வசனம் வருகிறது. ‘சுமப்பானே’ என்பது எதிர்காலம் என்பதையும் கவனியுங்கள். ரோமர் 14:12உம் இதையே சொல்கிறது: ஒவ்வொருவனும் தன்னைக்குறித்துத் தேவனுக்குக் கணக்கு ஒப்புவிப்பான்.

எனக்கு இப்படித்தான் விளங்குகிறது: இரண்டாம் வசனம் என் கையை அயலவனிடம் நீட்டச் சொல்கிறது. ஐந்தாம் வசனம் நீட்டிய கையில் பெருமை ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. ஐந்தாம் வசனத்தைக் காட்டி, ‘அவரவர் பாடு அவரவருக்கு’ என்று கஷ்டப்படுகிறவர்களை அனுப்பிவிடுகிற பேச்சை நம் மத்தியிலேயே கேட்டிருக்கிறேன். அது எனக்கு வேதனை. பவுல் அந்த வசனத்தை உதவி செய்கிறவனுக்கு எழுதினார், உதவி கேட்டு வந்தவனின் வாயை அடைக்க எழுதவில்லை.

நமக்குப் பழக்கமான ஒன்றை வைத்துப் பார்ப்போம். 2004 சுனாமியின்போது யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கவில்லை. தெரியாத பிள்ளைகளுக்கும் சோறு கொடுத்தோம். அது பரோஸ் என்பது எல்லாருக்கும் உடனே விளங்கியது. நுண்கடன் குழுவில் அப்படி உடனே விளங்காது. ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்கிறார்கள். இந்தக் கிழமை ஒருத்தியால் காசு கட்ட முடியவில்லை. அவளுடைய கணவருக்குக் கடலில் தொழில் இல்லை. மற்ற நால்வரும் போட்டுக் கட்டுகிறார்கள். அடுத்த கிழமையும் அதே கதை. மூன்றாம் கிழமை அவள் கூட்டத்துக்கே வரவில்லை.

இரண்டு இரண்டு பேராகப் பத்து நிமிடம் பேசுங்கள். அந்த அக்காவுடைய நிலைமையில் எது மற்ற நால்வரும் சேர்ந்து தூக்கவேண்டியது? எது அவள்தான் தூக்கவேண்டியது? காசு கட்டிய நால்வரும் மூன்றாம் நான்காம் வசனங்களை எந்த இடத்தில் நினைத்துப்பார்க்கவேண்டும்? அவள் வீட்டுக்கு யாராவது போவதென்றால், வாசலில் நின்று முதல் வார்த்தையாக என்ன சொல்வீர்கள்? அந்த வார்த்தையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஜெபத்துக்கு முன் வாசிப்போம்.

அடுத்த ஞாயிறு நீதிமொழிகள் 26:4-5ஐ வாசித்துவிட்டு வாருங்கள். அங்கே இரண்டு வசனமும் அடுத்தடுத்தே நிற்கின்றன.